பழைய வோஷிங் மெஷினைக் கடைக்கு மாற்றுக்குக் கொடுப்பதா, வெளியில் விற்பதா?

முரசுமோட்டைக்காரி · சனி, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். 2015இல் வாங்கிய மேல்மூடி மெஷின் ஒன்று இருக்கிறது, 7 கிலோ, முழு ஓட்டோ. போன கிழமை திடீரென்று நின்றுவிட்டது. தண்ணீர் நிறைகிறது, பிறகு "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும், சுழலவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே நின்று பிழை காட்டுகிறது.

புதியது வாங்க முடிவெடுத்துவிட்டோம். கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்தால் 15,000 ரூபா குறைப்போம் என்கிறார்கள். எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லையாம். அவருக்குக் கேட்டதும் சந்தோஷம், "ஓடாத பெட்டிக்கு 15,000 யார் தருவான், உடனே கொடு" என்கிறார். எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. இப்படி மாற்றிய ஆட்கள் இருக்கிறீர்களா?

மாங்குளத்தான் · சனி, காலை 10.05

தங்கச்சி, கொடுக்கவே வேண்டாம். கடைக்காரன் அதை எடுத்துத் திருத்தி 40,000க்கு விற்பான். நீங்களே கழற்றுங்கள். மோட்டருக்குள் முழுக்கச் செம்பு, உள்ளே இருக்கிற கூடை சில்வர். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. இரண்டையும் தனித்தனியாக விற்றால் 15,000ஐ விடக் கூட வரும். வயர்களைச் சேர்த்து எரித்தால் அதிலும் செம்பு வரும்.

ரொறன்ரோ மாமா · சனி, காலை 10.20

எதற்கு இவ்வளவு யோசனை? குப்பை எடுக்கிற நாளில் வீதியோரம் வைத்துவிட வேண்டியதுதானே. இங்கே நாங்கள் அப்படித்தான்.

குளக்கட்டு · சனி, காலை 10.31

மாமா, இங்கே வீதியோரம் வைத்தால் மாடு வந்து முதுகு சொறியும். அடுத்த நாள் மூடியைக் காணோம், அதற்கடுத்த நாள் மோட்டரைக் காணோம், மிச்சம் அடுத்த மாரி வரைக்கும் அங்கேயே நிற்கும்.

பட்டறை · சனி, மதியம் 12.50

வவுனியாவில் இந்த வேலைதான் செய்கிறேன், பதினேழு வருடமாக. பழைய மெஷின் வாங்கி, திருத்தி விற்பதும் உண்டு. மாங்குளத்தான் அண்ணை சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் முரசுமோட்டை அக்காவுக்கு. அந்த 15,000 எந்த விலையிலிருந்து குறைகிறது என்று கேட்டீர்களா? கடையில் ஒரு சாமானுக்கு இரண்டு விலை இருக்கும். ஒன்று அட்டையில் எழுதி ஒட்டியிருப்பது. மற்றது, காசைக் கையில் வைத்துக்கொண்டு "கடைசி விலை என்ன" என்று கேட்டால் சொல்வது. மாற்றுக் கழிவு அநேகமாக அட்டை விலையிலிருந்துதான் போகும், அதோடு காசுக் கழிவு கிடையாது என்பார்கள். அதனால் பழைய மெஷினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வேறு யாரையாவது அனுப்பி, அதே மொடலுக்குக் காசு விலை கேளுங்கள். அந்த விலைக்கும் மாற்று விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய மெஷினுக்குக் கடைக்காரர் உண்மையில் தருகிற விலை. பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது என்பதற்காக 15,000ஐ நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். புதியதை இறக்க வரும்போது பழையதை அவர்களே ஏற்றிக்கொண்டு போவார்களா, அல்லது நீங்கள்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

ஓமந்தை ரீச்சர் · சனி, பிற்பகல் 2.15

நானும் இதையேதான் கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் ரெட்டைத் தொட்டி மெஷின், துவைக்கிற பக்கம் நல்லாக ஓடுகிறது, பிழிகிற பக்கம் சுற்றுவதில்லை. முன்மூடி வாங்கலாமா மேல்மூடி வாங்கலாமா? எங்கள் தண்ணீர்த் தாங்கி உயரம் குறைவு. ஆறடிதான்.

பட்டறை · சனி, பிற்பகல் 2.40

ரீச்சர், அது வேறு கதை, தனி இழை போடுங்கள். ஆனால் அந்த மெஷினைக் கழிக்க வேண்டாம். ரெட்டைத் தொட்டியில் துவைக்க ஒரு மோட்டர், பிழிய ஒரு மோட்டர், இரண்டும் தனித்தனி. பிழிகிற பக்கம் நின்றால் பல தடவை பிரேக் கம்பி இழுபட்டிருக்கும், இல்லையென்றால் மூடிச் சுவிட்ச் போயிருக்கும். சின்ன வேலை. விற்பதென்றாலும் திருத்திவிட்டு விற்றால்தான் காசு.

முரசுமோட்டைக்காரி · சனி, இரவு 8.10

பட்டறைத் தம்பி, சொன்னபடி மச்சாளை அனுப்பினேன். நல்ல காலம் அவளுக்கு வாய் இருக்கிறது.

அட்டை விலை 128,000. மாற்றுக்குக் கொடுத்தால் 15,000 கழித்து 113,000. மச்சாள் பழைய மெஷின் பற்றிப் பேசவே இல்லை, முழுக் காசு தருகிறேன் என்றாளாம். உடனே 10 வீதம் கழிவு. அதாவது 115,200.

வித்தியாசம் 2,200 ரூபா! பெட்டியை நாங்கள்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமாம், டவுனுக்குள் என்றால் மட்டும் அவர்கள் வந்து ஏற்றுவார்களாம். இங்கிருந்து பட்டாக்காரர் ஏற்றுகூலியோடு 3,500 கேட்கிறார். கணக்குப் பார்த்தால் மெஷினையும் கொடுத்து, மேலே 1,300 ரூபாவும் கொடுக்கிறோம். அவருக்குக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மாங்குளத்தான் · சனி, இரவு 8.25

சொன்னேனே. கழற்றி விற்கச் சொன்னேனே.

பட்டறை · சனி, இரவு 9.30

கழற்ற முன்னம் கொஞ்சம் பொறுங்கள். கழற்றிய மெஷினைக் கடையும் எடுக்காது, எங்களைப் போல ஆட்களும் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்போம். முழுசாக நிற்கிற வரைக்கும்தான் அதற்குப் பெறுமதி.

இப்போது உங்கள் வருத்தத்துக்கு வருவோம். "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுழலவில்லை. மோட்டருக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் தொடக்க உந்தல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அநேகமாகக் கப்பாசிற்றர் செத்திருக்கும், அல்லது ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கும். இந்த இரண்டில் எது என்று பார்க்க மீற்றர் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே விட்டு, அடியில் இருக்கிற தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கப்பாசிற்றர் மேல் சந்தேகம். சுற்றவே மறுத்தால் பெல்ட், கியர், பெயரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

அது முடிந்ததும் கூடையைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் இறுகும், அது பிரேக், பயப்பட வேண்டாம். மற்றப் பக்கம் சுற்றும்போது காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். கடைசியாக மெஷினைச் சுவரோடு சாய்த்து, ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, அடியில் நடுப்பகுதியை டோர்ச் அடித்துப் பாருங்கள். என்ன நிறம் என்று சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம். பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிற்றரில் கரண்ட் நிற்கலாம். பின் தகட்டைத் திறந்து கையை விட வேண்டாம். நான் கழற்றும்போது பழைய குண்டு பல்ப் பூட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் இரண்டு முனையில் தொட வைத்து இறக்கிவிட்டுத்தான் தொடுவேன்.

குளக்கட்டு · ஞாயிறு, காலை 7.15

இடையில் என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 2023இல் பழைய மெஷின் ஒன்றை விற்க மனமில்லாமல் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பிறகு பார்ப்போம்" என்றுதான். மூடி உடைந்திருந்தது. மாரி வந்தது, கூடைக்கு வெளியே இருக்கிற பிளாஸ்டிக் தொட்டிக்குள் தண்ணீர். மேலிருந்து பார்த்தால் கூடை காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஒரு சாண் தண்ணீர் நின்றது எனக்குத் தெரியாது. சுகாதாரப் பரிசோதகர் வந்து டோர்ச் அடித்துக் காட்டினார், உள்ளே நுளம்புக் குடம்பி துள்ளுகிறது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் என்று சொல்லி எச்சரிக்கை எழுதித் தந்துவிட்டுப் போனார். அடுத்த முறை நீதிமன்றம் என்றார்.

அதனால் வளவில் வைக்கிறதென்றால் தண்ணீர் போகிற குழாயை நிலத்தில் கிடக்கப் போட்டு, மெஷினைக் கவிழ்த்துப் போடுங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் ஏறி ஒளிந்து விளையாடுவார்கள். எங்கள் பெடியனை ஒரு நாள் நான் அதற்குள்ளிருந்துதான் தூக்கினேன்.

முரசுமோட்டைக்காரி · ஞாயிறு, காலை 11.00

பார்த்தோம். அடித்தட்டு லேசாகச் சுற்றுகிறது. கூடையைச் சுற்றினால் கரகர என்று, அம்மியில் மணல் வைத்து அரைத்த மாதிரிச் சத்தம். யோசித்துப் பார்த்தால் இரண்டு வருடமாகவே பிழியும்போது லொறி போகிற மாதிரித்தான் கத்தியது, நாங்கள் பழகிவிட்டோம். அடியில் நடுவிலிருந்து துரு நிறத்தில் ஒழுகிக் காய்ந்த கோடுகள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது, அதுவும் காரணமா?

பட்டறை · ஞாயிறு, பிற்பகல் 1.20

அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு வருத்தம். சுழலாதது கப்பாசிற்றர், அது சின்னக் காசு. கரகரவும் துருவும் பெயரிங். மேலே இருக்கிற தண்ணீர் சீல் தேய்ந்து, தண்ணீர் பெயரிங்குக்குள் இறங்கி, கிறீசைக் கழுவி, அது துருவாக வெளியே வருகிறது. வன்னிக் கிணறுகளில் சுண்ணாம்பு கூட. படிந்த சுண்ணாம்பு சீலின் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வேறு காரணமும் இருக்கலாம், 2015ஆம் ஆண்டு மெஷினுக்கு வயதும் ஒரு காரணம்தானே.

கப்பாசிற்றரை மட்டும் போட்டு "ஓடுகிறது" என்று விற்கலாம். சில பேர் செய்வார்கள். வாங்குகிறவர் முதல் நாள் பிழியும்போதே கேட்டுவிடுவார், பிறகு உங்கள் வாசலில் வந்து நிற்பார். பெயரிங்கும் சீலும் மாற்றுவதென்றால் முழுத் தொட்டியையும் இறக்க வேண்டும். கூடையின் நடு நட்டு துருப்பிடித்துப் பிடித்திருக்கும், சிலதை ஒரு நாள் முழுக்க அடித்தும் கழற்ற முடியாது. என்னுடைய கூலிக்குச் சாமானோடு 14,000 மட்டில் போகும். திருத்திய மெஷின் 25,000க்குப் போகலாம், 28,000க்கும் போகலாம், ஆள் கிடைக்க ஒரு மாதமும் ஆகலாம். வீட்டுக்காரர் செலவழித்துத் திருத்தி விற்கிற அளவுக்கு அதில் மிச்சமில்லை. எங்களுக்குக் கூலி கைக்குள் என்பதால் மிச்சம்.

ஆகவே திருத்துகிற ஆளுக்கே, ஓடாத மெஷின் என்று சொல்லி, முழுசாக விற்றுவிடுங்கள். தண்ணீர் உள்ளே வருகிற வால்வு, தண்ணீர் வெளியேற்றுகிற பம்ப், போர்ட், மூடி, மோட்டர் எல்லாம் இன்னொரு மெஷினுக்குப் போகும். போர்ட் நல்லதென்றால் அதற்குத்தான் நல்ல விலை, பழைய மொடல்களுக்குப் புதுப் போர்ட் கிடைப்பதே கஷ்டம். உங்கள் மெஷினில் பட்டன் எல்லாம் வேலை செய்கிறதா, தண்ணீர் சரியான அளவில் நிற்கிறதா என்று கேட்பார்கள். பிளக் போட்டு, அந்த "ம்ம்ம்" வரைக்கும் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதுவே விலையைக் கூட்டும். அடியில் துரு தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், வந்து பார்த்தபின் விலையை இறக்க இடம் இருக்காது.

மாங்குளத்தான் அண்ணைக்கு இப்போது. காந்தம் ஒட்டாததுதான் சில்வர் என்பது பல சமையல் சட்டிகளுக்குச் சரி. வோஷிங் மெஷின் கூடையில் பல கொம்பனிகள் காந்தம் ஒட்டுகிற வகைச் சில்வரைத்தான் போடுகின்றன. அதுவும் துருப்பிடிக்காத சில்வர்தான், ஆனால் நிறுக்கிற இடத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்கள். மோட்டரும் அப்படித்தான். சிவப்பாகத் தெரிகிற கம்பி எல்லாம் செம்பு இல்லை, மேலே பூசிய வார்னிஷின் நிறம் அது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியம். செம்பாகவே இருந்தாலும் இந்த அளவு மோட்டரில் ஒரு கிலோவும் தேறாது.

வயரை எரிக்க வேண்டாம் அண்ணை. அந்தப் பிளாஸ்டிக் புகை நெஞ்சுக்கும் கெடுதி, கிணற்றடிக்கும் கெடுதி. அதோடு கருகின செம்புக்கு விலையும் குறைவு.

மாங்குளத்தான் · ஞாயிறு, பிற்பகல் 2.05

சரி தம்பி. நான் கழற்றியது ஒரே ஒரு மெஷின், அதில் செம்புதான் இருந்தது. காந்தம் வைத்ததும் அதற்குத்தான். எல்லாம் அப்படி என்று நினைத்துவிட்டேன். ஆனால் முன்மூடி மெஷின் ஒன்றை நிறுத்து விற்றேன், 60 கிலோவுக்கு மேல். பாரத்துக்கு நல்ல காசு வந்திருக்க வேண்டும், அந்த ஆள் ஏமாற்றிவிட்டான். பாதிக்குத்தான் காசு தந்தான்.

பட்டறை · ஞாயிறு, பிற்பகல் 2.20

அவர் ஏமாற்றவில்லை என்று நினைக்கிறேன். முன்மூடி மெஷினுக்குள் ஆடாமல் இருக்கக் கொங்கிறீட் கட்டி வைத்திருப்பார்கள், மேலே ஒன்று, முன்னுக்கு ஒன்று. இருபது கிலோவுக்கு மேலேயும் வரும். அதைக் கழித்திருப்பார். கழித்ததை உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

மேல்மூடியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கூடையின் மேல் விளிம்பில் தடித்த பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதல்லவா, ஆட்டிப் பார்த்தால் உள்ளே சளக் சளக் என்று கேட்கும். அது உப்புத் தண்ணீர், பிழியும்போது ஒரு பக்கம் பாரமாகாமல் இருக்க. கழற்றுகிற ஆட்கள் கூடையின் சில்வருக்காக அதை வெட்டி, எங்கே நிற்கிறார்களோ அங்கேயே ஊற்றிவிடுவார்கள். வாழைக்கு அடியில் ஊற்றி வாழை கருகினதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வளவில் வைத்துக் கழற்ற விட வேண்டாம் என்று சொல்வது அதனாலும்தான்.

ரொறன்ரோ மாமா · ஞாயிறு, மாலை 5.30

யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பிரதேச சபை எடுக்காதா?

குளக்கட்டு · ஞாயிறு, மாலை 6.10

நான் கேட்டேன். வழக்கமாக வருகிற குப்பை உழவு இயந்திரத்தில் இதை ஏற்ற மாட்டார்கள். போனில் கேட்டுவிட்டுக் கொண்டுவா, பார்ப்போம் என்றார்கள். பழைய இரும்பு எடுக்க வருகிற லாண்ட்மாஸ்டர்காரர் எடுத்தார், ஆனால் வெளித் தொட்டியைக் கழற்றி வளவிலேயே போட்டுவிட்டுப் போனார், பிளாஸ்டிக் தனக்கு வேண்டாமாம். போர்ட்டைப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டார், அதன் பெறுமதி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மின்சாரக் கழிவு எடுக்கிறவர்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு மெஷினுக்காக இந்த ஊர் வரைக்கும் யார் வருவார்? நாலைந்து வீடு சேர்ந்து சேர்த்து வைத்தால் வருவார்களோ தெரியாது.

பட்டறை · ஞாயிறு, இரவு 7.45

அது சரியாகத் தீர்க்காத பிரச்சினைதான். என்னிடமும் பின்பக்கத்தில் இருபது தொட்டி கிடக்கிறது, கவிழ்த்துத்தான். பிளாஸ்டிக் உடைத்து வாங்குகிற ஒருவர் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், நல்ல விலை இல்லை, இடம் காலியாகிறது என்று கொடுக்கிறேன்.

முரசுமோட்டைக்காரி · புதன், இரவு 9.05

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ எடுத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். ஒருவர் 3,000 என்றார், "கொண்டுவந்து தாருங்கள்" என்று. ஒருவர் பதிலே இல்லை. பரந்தனில் திருத்துகிற ஒருவர் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டச் சொல்லி இன்னொரு வீடியோ கேட்டார். அனுப்பியதும் 8,000 தருகிறேன், வந்து எடுக்கிறேன் என்றார். வந்தவர் முதலில் அடியைத்தான் பார்த்தார். துருவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். படத்தில் அனுப்பினேனே தம்பி என்றேன். சிரித்துவிட்டு எண்ணித் தந்தார்.

புதியதைக் காசு விலைக்கே வாங்கினோம், 115,200. கடையில் கடைசி நேரத்தில் இன்னொரு தடவை "பழையது இருந்தால் தாருங்களேன்" என்றார்கள். காசு விலைக்கு மேல் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர் கேட்டார், ஆம், எங்கள் வீட்டு அவர்தான்! "காசு விலையோடு மாற்று இல்லை ஐயா" என்றார்கள். இப்போது வீட்டில் எல்லாருக்கும் இந்தக் கணக்கைத் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லித் திரிகிறார்.

ஒரு கேள்வி. பழைய மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்திருக்கிறேன், புதியதோடும் ஒன்று வந்திருக்கிறது. பழையதையும் வைத்திருக்கலாமா?

பட்டறை · புதன், இரவு 9.40

புதியதையே பூட்டுங்கள் அக்கா. பழையதன் வாசர் காய்ந்திருக்கும், இரவில் கழன்றால் வீடு முழுக்கத் தண்ணீர். தோட்டத்துக்குப் பாவிக்கலாம்.

ஓமந்தை ரீச்சர் · வியாழன், காலை 6.50

பிரேக் கம்பிதான். 1,500 ரூபாவோடு முடிந்தது. இப்போது பிழிகிறது. ஆனால் தண்ணீர்த் தாங்கிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.